வீட்டுக் கடன் வரைபடத்தில் வட்டிப் பட்டை மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்?

கவிதா, பெருந்துறை

எல்லோருக்கும் வணக்கம். வீடு கட்ட 30 லட்சம் கடன் வாங்கியிருக்கிறோம். 20 வருடம், வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 26,992 ரூபாய். வங்கியின் செயலியில் ஒரு படம் காட்டுகிறார்கள். கீழே அசல் ஒரு நிறம், அதன் மேலே வட்டி இன்னொரு நிறம். இடது ஓரத்தில் அசல் மெல்லிய கீற்றாகத்தான் இருக்கிறது, மீதி முழுக்க வட்டி. வலது ஓரத்துக்குப் போகும்போது அப்படியே மாறிவிடுகிறது.

என் மாமனார் அதைப் பார்த்ததிலிருந்து நிம்மதியில்லாமல் இருக்கிறார். "மொதல்ல அவங்க வட்டியப் பூராம் வழிச்சு எடுத்துக்கறாங்க, அப்புறந்தான் நம்ம அசலத் தொடறாங்க" என்கிறார். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள நானே கூகுள் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த படம் வேறு மாதிரி இருக்கிறது. மேல் விளிம்பு 22,500-இல் தொடங்கி, நடுவில் 13,500 வரை இறங்கி, கடைசியில் 26,800-க்கு ஏறுகிறது. தவணை எப்போதும் ஒன்றுதானே? நடுவில் எப்படிப் பள்ளம் விழும்? செயலியின் படம் சரியா, என் படம் சரியா?

செந்தில், கோவை

உங்கள் மாமனார் சொல்வது சரிங்க. வீட்டுக் கடனில் வட்டியை முன்னாலேயே வாங்கிக்கொள்வதுதான் முறை. அந்தப் படமே அதற்குச் சாட்சி. அதனால்தான் பாதிக் காலம் தாண்டிய பிறகு முன்கூட்டிக் கட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அவர்கள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள். கட்டுவதாக இருந்தால் முதல் ஐந்து வருடத்துக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கோபி பெரியவர்

அம்மணி, முதலில் படத்தைச் சரி செய்வோம். கோபிசெட்டிபாளையத்தில் வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பள்ளத்தைப் பலர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்தது Area chart. அதில் அசலும் வட்டியும் தனித்தனியாகச் சுழியத்திலிருந்து அளக்கப்பட்டு ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். எந்த மாதத்தில் எது பெரியதோ அதன் விளிம்புதான் கண்ணுக்குத் தெரியும். முதலில் வட்டி பெரியது, அதனால் 22,500. கடைசியில் அசல் பெரியது, அதனால் 26,800. நடுவில் இரண்டும் சமமாகும் இடத்தில் தவணையில் பாதி, அதாவது 13,496. உங்கள் பள்ளம் அதுதான். Chart type-இல் Stacked area chart என்று மாற்றுங்கள். அப்போது மூட்டை மேல் மூட்டை வைத்தது போல அசலின் தலைமேல் வட்டி உட்காரும்.

மாதவாரியாக எழுத இந்த இரண்டு வரி போதும். B1-இல் கடன் தொகை, B2-இல் வட்டி 9%, B3-இல் 240, A6-இலிருந்து மாத எண் 1, 2, 3.

```
=PPMT($B$2/12, A6, $B$3, -$B$1)
=IPMT($B$2/12, A6, $B$3, -$B$1)
```

முதல் வரி அசல், இரண்டாவது வட்டி. படம் சரியாக வந்ததா என்று பார்க்க வழி உண்டு. மேல் விளிம்பு இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை 26,992-இல் தட்டையாக நிற்க வேண்டும். அசல் பத்தியைக் கூட்டினால் 30,00,000 வர வேண்டும். வட்டிப் பத்தி சுமார் 34,78,000 வரும். எந்த நிறம் எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறதோ அவ்வளவு பணம் அதற்குப் போகிறது. அதனால் இந்தப் படத்தில் உயரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் பரப்பைப் பாருங்கள்.

இன்னொன்று. மேலே இருக்கும் நிறத்தைப் படிக்கும்போது இடப்பக்க அளவுகோலை நேரடியாகப் பார்க்கக்கூடாது. நூறாவது மாதத்தில் வட்டியின் மேல் விளிம்பு 26,992-ஐத் தொடுகிறதே, அப்படியென்றால் வட்டி 26,992 என்று படித்துவிடுவார்கள். வட்டி என்பது அந்தப் பட்டையின் தடிமன் மட்டும்.

மாமனாருடைய கேள்விக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அது பெரிய விஷயம்.

சங்ககிரி குமார்

அண்ணா, ஒரு சந்தேகம். நான் லாரிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். 12 லட்சம், நாலு வருடம், வட்டி 7 சதவீதம்தான். மாதம் 32,000. பைனான்ஸில் கொடுத்த அட்டவணையில் மாதா மாதம் அசல் 25,000, வட்டி 7,000, முதல் மாதம் முதல் கடைசி மாதம் வரை அப்படியே. படம் போட்டால் நடுக்கோடு ரோடு மாதிரி நேராகப் போகும். இந்த வளைவு சுளைவு எதுவும் இல்லை. வங்கி 9 வாங்கிக்கொண்டு வட்டியை முன்னால் வேறு உருவுகிறது. வீட்டுக்கும் பைனான்ஸிலேயே வாங்கிவிடலாம் போலிருக்கிறதே?

கோபி பெரியவர்

குமார், உங்கள் கேள்வியையும் மாமனார் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

வீட்டுக் கடனில் வங்கி ஒவ்வொரு மாதமும் ஒரே கணக்கைத்தான் செய்கிறது. இன்றைக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதற்கு ஒரு மாத வட்டி. முதல் மாதம் பாக்கி 30 லட்சம், வட்டி 22,500. தவணை 26,992-இல் வட்டி போக மீதி 4,492 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் பாக்கி 29,95,508. வட்டி முன்னதைவிடச் சுமார் 34 ரூபாய் குறைவு. அந்த 34 ரூபாய் அசலுக்குப் போகிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். இப்படித்தான் அந்த மெல்லிய கீற்று தடிக்கிறது. 4,492-இல் தொடங்கியது 240-ஆவது மாதம் 26,791 ஆகிறது. அந்த மாதத்துக்கு வட்டி 201 ரூபாய்தான். இந்த இருபது வருடத்தில் எந்த ஒரு மாதத்திலும் 9 சதவீதத்துக்கு மேல் ஒரு பைசா எடுக்கவில்லை. முன்னால் உருவுகிறார்கள் என்று தோன்றக் காரணம், முன்னால்தான் நம் கையில் அவர்கள் பணம் அதிகமாக இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். அசலை மாதம் 12,500 என்று சமமாகக் கழித்து, வட்டியைத் தனியாகக் கட்டுகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் மாதம் 35,000 கட்ட வேண்டும். அப்புறம் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 12,594. படத்தில் கீழே அசல் ஒரே தடிமனில் செங்கல் வரிசை போல் நிற்கும், மேலே வட்டி ஆப்பு வடிவத்தில் சரிந்து வரும். மொத்த வட்டி 27,11,250 ரூபாய். அதே 9 சதவீதம்தான், ஆனால் ஏழு லட்சத்துக்கு மேல் குறைவு. காரணம், அசலைச் சீக்கிரம் திருப்புகிறீர்கள். மாதச் சம்பளக்காரர் 35,000-இல் தொடங்க முடியாது என்பதால் 26,992-ஐச் சமமாக்கிக் கொடுத்தார்கள். தவணையைச் சமமாக்கினால் படம் வளையத்தான் செய்யும். மாமனாரிடம் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இனி குமாருக்கு. உங்கள் நேர்க்கோடுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாலாவது வருடக் கடைசி மாதத்தில் உங்கள் அட்டவணைப்படி பாக்கி வெறும் 25,000. அந்த 25,000-க்கு ஒரு மாத வட்டி 7,000 கட்டுகிறீர்கள். திருப்பிக் கொடுத்து முடித்த பணத்துக்கும் சேர்த்து வட்டி ஓடுகிறது என்று அர்த்தம். இதே 32,000 ரூபாயை 48 மாதம், குறையும் பாக்கி முறையில் போட்டுப் பார்த்தால் வட்டி வருடத்துக்குச் சுமார் 12.7 சதவீதம் வருகிறது. ஷீட்டில் நீங்களே பார்க்கலாம்:

```
=RATE(48, -32000, 1200000)*12
```

7 என்று எழுதியிருக்கும் கடன் 12.7, 9 என்று எழுதியிருக்கும் கடன் 9 தான்.

சங்ககிரி குமார்

போட்டுப் பார்த்தேன் அண்ணா. 12.68 காட்டுகிறது. எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் 7, 7 என்றுதான் பேசிக்கொள்கிறோம். இன்னும் 20 தவணை பாக்கி இருக்கிறது. இப்போது முடித்தால் லாபமா?

கோபி பெரியவர்

அதைப் பைனான்ஸில் கேட்டால்தான் தெரியும் குமார். முடிப்புத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பாக்கி அசலோடு வராத வட்டியையும் சேர்த்துக் கேட்டால் முடிப்பதில் லாபம் இல்லை. தள்ளிவிட்டுச் சொன்னால் கணக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் முடிப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள்.

செந்தில், கோவை

ஐயா, முன்னால் உருவுவதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் முன்கூட்டிக் கட்டுவது வீண் என்பதில் நான் மாறவில்லை. பத்து வருடம் தாண்டினால் தவணையில் பெரும்பகுதி அசல்தானே? மிச்சப்படுத்த அங்கே வட்டி எங்கே இருக்கிறது?

கோபி பெரியவர்

பத்து வருடத்தில் அப்படி ஆவதில்லை, செந்தில். 9 சதவீதத்தில் அசல் வட்டியை முந்துவது 149-ஆவது மாதம், அதாவது பன்னிரண்டரை வருடம் நெருங்கும்போது. பத்தாவது வருட முடிவில் 30 லட்சத்தில் இன்னும் 21,30,000 ரூபாய் பாக்கி இருக்கும். அசலில் சரிபாதி கழிவது 14 வருடம் முடியும்போதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த முந்தும் இடத்தை இடமிருந்து எண்ணாமல் வலமிருந்து எண்ணுங்கள். 9 சதவீதத்துக்கு அது கடைசியிலிருந்து சுமார் 93 மாதம், அதாவது ஏழே முக்கால் வருடம். கடன் 15 வருடமோ 20 வருடமோ 30 வருடமோ, 10 லட்சமோ 50 லட்சமோ, அந்த 93 மாறாது. வட்டி விகிதம் மாறினால்தான் அது மாறும். சதவீதமாகப் படம் போட்டால், 20 வருடப் படத்தின் இடது ஐந்து வருடத்தைக் கத்தரித்து எறிந்தால் மிச்சம் இருப்பது அப்படியே 15 வருடக் கடனின் படம். காலத்தை நீட்டும்போது சேர்வதெல்லாம் இடது ஓரத்தில், அந்தக் கீற்று மெலிந்திருக்கும் பக்கத்தில். ஏழு வருடக் கடன் என்றால் முதல் தவணையிலேயே அசல்தான் பெரியது.

முன்கூட்டிக் கட்டுவதைக் கவிதாவின் கணக்கிலேயே பார்ப்போம். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம்.

மூன்று வருடம் முடிந்ததும் 2 லட்சம் கட்டினால் மீதி 204 மாதம் சுமார் 174 ஆகும். படத்தின் வலது ஓரத்தில் 30 மாதம் உதிர்ந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 6.2 லட்சம். பதினாலு வருடம் முடிந்து அதே 2 லட்சத்தைக் கட்டினால் மீதி 72 மாதம் 60 ஆகும், மிச்சம் சுமார் 1.28 லட்சம். ரூபாய்க் கணக்கில் செந்தில் சொல்வது சரி, முன்னால் கட்டினால் அதிகம் மிச்சம். ஆனால் இரண்டாவது வீண் இல்லை. முதல் 2 லட்சம் பதினாலு வருடத்துக்கும் மேல் 9 சதவீதம் சம்பாதிக்கிறது, பின்னால் கட்டியது ஐந்து வருடம் அதே 9 சதவீதம் சம்பாதிக்கிறது. அந்த ஐந்து வருடத்தில் உங்கள் கையிலிருக்கும் பணத்துக்கு வேறு எங்கே எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படத்தில் எந்த நிறம் தடிமனாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆனால் கட்டும்போது காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பல்லடம் தறிக்காரர்

பெரியவருக்கு வணக்கம். கணக்கு சரிதானுங்க. ஆனால் தொழில் பண்ணுகிறவனுக்கு அது அப்படியே பொருந்தாது. கையில் 2 லட்சம் இருந்தால் நான் நூல் வாங்கிப் போடுவேன். நூல் விலை இறங்கியிருக்கும் சமயத்தில் காசு கையில் இல்லை என்றால் ஓடி (ஓவர் டிராப்ட்) போட வேண்டும், இல்லை தெரிந்தவரிடம் கைமாற்று வாங்க வேண்டும். அந்த வட்டி 9 இல்லை. வீட்டுக் கடன்தான் எனக்கு இருப்பதிலேயே மலிவான பணம். அதைப் போய் முதலில் ஏன் அடைக்க வேண்டும்?

கவிதா, பெருந்துறை

அண்ணா, நீங்கள் சொல்வது தொழிலுக்குச் சரி. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சம்பளம்தான். சேர்கிற பணம் வைப்பு நிதியில் கிடக்கிறது, அதற்குக் கிடைக்கும் வட்டி 9-க்குக் கீழேதான், அதிலும் வரி போகிறது.

பெரியப்பா, Stacked area chart என்று மாற்றினேன். மேல் விளிம்பு தட்டையாகிவிட்டது. அசல் கூட்டல் சரியாக 30,00,000. சம அசல் படத்தையும் போட்டு மாமனாரிடம் காட்டினேன். 35,000 என்றதும் "அது நம்மளால ஆகாது சாமி" என்றார். ஆனால் 64 லட்சம் சொச்சம் கட்டப் போகிறோம் என்பதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தேவி, பொள்ளாச்சி

இங்கே எல்லோரும் வட்டி கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்துப் பேசுகிறீர்கள். என் கதை வேறு. 2022 ஜனவரியில் 7 சதவீதத்துக்கு 30 லட்சம் வாங்கினோம், 20 வருடம், தவணை 23,259. அப்புறம் வட்டி ஏறியது. ஏறியது என்று குறுஞ்செய்தி வந்தது, தவணை ஏறவில்லை. சரி, நல்லதுதான் என்று இருந்துவிட்டோம். 2023-இல் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மாதம் 23,000 கட்டியும் பாக்கி அசையவே இல்லை. வங்கியில் கேட்டதற்குக் காலம் நீண்டிருக்கிறது என்றார்கள். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்ல ஆள் இல்லை. இந்தப் படத்தில் அது எப்படித் தெரியும்?

கோபி பெரியவர்

தேவி அம்மணி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ என்று பெயர். 2022 மே மாதம் அது 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்தது. ரெப்போவோடு கட்டிய கடன்களில் அந்த இரண்டரையும் அப்படியே ஏறியது. உங்கள் 7, 9.5 ஆகியிருக்கும். உண்மையில் அது படிப்படியாக ஏறியது. புரிவதற்காக, முதல் 12 மாதம் 7, பதின்மூன்றாவது மாதம் ஒரேயடியாக 9.5 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அறிக்கையை வைத்துச் சரியான மாதங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

12 மாதம் முடிந்தபோது பாக்கி சுமார் 29,28,600. அதற்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 23,185. தவணை 23,259. அசலுக்குப் போவது 74 ரூபாய். முந்தின மாதம் அசலுக்கு 6,100 சொச்சம் போய்க்கொண்டிருந்தது. மேல் விளிம்பு தட்டையாகவே நிற்கும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கீழே அசல் பட்டை மட்டும் பதின்மூன்றாம் மாதத்தில் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக விழும். தவணை மாறவில்லை என்று இருந்துவிடுவது அதனால்தான். தவணை படத்தின் மேல் விளிம்பு, விழுந்தது உள்ளே இருக்கும் கோடு.

மாதம் 74 ரூபாயில் தொடங்கி இந்தக் கடனை அடைக்க 729 மாதம் ஆகும். அறுபது வருடம். யாரும் அவ்வளவு நீட்ட மாட்டார்கள், ஓரளவுக்கு மேல் தவணையை ஏற்றித்தான் ஆக வேண்டும். பழைய காலத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்றால் தவணை 27,788 ஆகியிருக்க வேண்டும், மாதம் நாலாயிரத்து ஐந்நூறு கூடுதல்.

வட்டி அந்த உயரத்துக்கு முதல் வருடத்துக்குள்ளேயே ஏறியிருந்தால் இன்னும் மோசம். 30 லட்சத்துக்கு 9.5-இல் மாத வட்டி 23,750. தவணையைவிட அதிகம். கட்டக் கட்டக் கடன் ஏறும். அதை இந்த வகைப் படத்தால் காட்டவே முடியாது. அசல் கழித்தல் குறிக்குப் போய்விடும், அடுக்குவதற்கு ஒன்றும் இருக்காது, பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு கிடக்கும். ஷீட்டில் அசல் பத்தியில் ஒரு கழித்தல் எண் வந்தாலும் படத்தை நம்பாதீர்கள், பாக்கித் தொகையைத் தனிக் கோடாகப் போட்டுப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்காகவே ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டினால் வட்டியே அடையாமல் கடன் ஏறும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அதில் இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். அந்த மீதித் தவணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "சரியாகச் சொல்ல ஆள் இல்லை" என்பது பதில் கிடையாது.

தேவி, பொள்ளாச்சி

ரொம்ப நன்றிங்க பெரியவரே. எங்கள் அறிக்கையில் ஒரு மாதம் அசல் 212 என்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். அப்புறம் 2025-இல் வட்டி குறைந்ததே, அதில் எங்களுக்கு ஏதாவது திரும்புமா?

கோபி பெரியவர்

திரும்பும். 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ 6.5-இலிருந்து 5.25-க்கு வந்தது. உங்கள் தவணையை அவர்கள் இறக்காமல் விட்டிருந்தால் குறைந்த வட்டி முழுக்க அசலுக்குப் போகும், படத்தில் கீழ்ப் பட்டை படி ஏறும். இறக்கித் தரட்டுமா என்று கேட்டால், வீட்டுச் செலவு தாங்குமென்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-இல் நீண்ட காலம் அதில்தான் சுருங்கும். ஆனால் பழைய 20 வருடத்துக்கே திரும்புமா என்பது இப்போது நீங்கள் என்ன தவணை கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணை எழுதுங்கள், போட்டுப் பார்க்கலாம்.

செந்தில், கோவை

நான் என் கணக்கைப் பார்த்தேன். கடைசி ஆறு வருடத்தில் இருக்கிறேன். 1.28 லட்சம் மிச்சம் என்பது சும்மா இல்லைதான். இருந்தாலும் பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாமே? வட்டி குறைந்தால் அந்தக் கழிவும் குறையும். அதையும் சேர்த்தால் 9 என்பது 9 இல்லை, 6-7 ஆகிவிடும்.

கோபி பெரியவர்

பழைய முறையில் இருப்பவருக்கு அது சரியான கேள்வி, செந்தில். புதிய முறைக்கு மாறியவருக்குக் குடியிருக்கும் வீட்டில் அந்தக் கழிவு கிடையாது. நீங்கள் எந்த முறை?

செந்தில், கோவை

பழையது. 30 சதவீத வரம்பு.

கோபி பெரியவர்

அப்படியானால் உங்கள் விஷயத்தில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வைப்பு நிதி வட்டிக்கும் அதே 30 சதவீதம் வரி என்பதை மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பல்லடம் தறிக்காரர்

நான் சொன்னதையும் யாரும் மறுக்கவில்லையே!

கோபி பெரியவர்

மறுக்கவில்லை. நூலில் போட்ட 2 லட்சம் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வதே சரி. வருடத்தில் நாலு மாதம் நூலாகவும் எட்டு மாதம் நடப்புக் கணக்கில் சும்மாவும் கிடந்தால் கணக்கு மாறும். அது உங்கள் பேரேட்டில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியாது. சில வங்கிகளில் வீட்டுக் கடனையே ஓவர் டிராப்ட் மாதிரி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. உபரிப் பணத்தை அதில் போட்டால் அன்றைக்கு வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

பல்லடம் தறிக்காரர்

அந்தக் கொஞ்சம் கூடுதல் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை கிளையில் கேட்கிறேன்.

கவிதா, பெருந்துறை

பெரியப்பா, கடைசியாக ஒன்று. என் ஷீட்டில் முதல் மாத வட்டி 22,500. வங்கி அறிக்கையில் 22,932 போட்டிருக்கிறார்கள். அடுத்ததில் 22,160 சொச்சம். ஷீட்டில் கோடு வழுவழு என்று போகிறது, அறிக்கையை வைத்துப் போட்டால் பல் பல்லாக வருகிறது. அதிகமாகப் பிடிக்கிறார்களா?

கோபி பெரியவர்

முதல் தவணை எந்த மாதம்?

கவிதா, பெருந்துறை

மே மாதக் கணக்கு. அடுத்தது ஜூன்.

கோபி பெரியவர்

அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது. மேக்கு 31 நாள், ஜூனுக்கு 30. நீங்கள் வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்தீர்கள், அவர்கள் 365-ஆல் வகுத்து நாள் கணக்கில் போட்டிருக்கிறார்கள். 30 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 739.73 ரூபாய். 31 நாளைக்கு 22,932. பிப்ரவரி வரும்போது பாருங்கள், 28 நாள்தான், அசல் பட்டை திடீரென்று ஈராயிரம் போல எழும்பி நிற்கும். அது உங்களுக்குக் கிடைத்த சலுகை இல்லை, மார்ச்சில் திரும்ப இறங்கிவிடும்.

நாள் கணக்கு என்பதால், போனஸ் பணத்தை முன்கூட்டிக் கட்டுவதாக இருந்தால் தவணைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் வந்த அன்றைக்கே கட்டுங்கள். 2 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 49 ரூபாய். கட்டிய பிறகு அடுத்த அறிக்கையில் அந்தத் தேதியில் பாக்கி குறைந்திருக்கிறதா, அல்லது தவணைத் தேதி வரை தனிக் கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நிறுத்தி வைத்திருந்தால் கிளையில் எழுதிக் கொடுத்து அந்தத் தேதிக்கே வரவு வைக்கச் சொல்லுங்கள்.

தேவி, பொள்ளாச்சி

பெரியவரே, அறிக்கையை எடுத்துவிட்டேன். இப்போதைய தவணை 24,600, வட்டி 8.25, பாக்கி 28,41,000, மீதித் தவணை 232 என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் கணக்குப்படி பழைய காலத்தில் இனி 192 மாதம்தான் இருக்க வேண்டும்.

கோபி பெரியவர்

பார்த்துவிட்டேன். 24,600 என்றால் 8.25-இல் மீதி சுமார் 230 மாதம், அவர்கள் சொல்லும் 232 ஏறக்குறையச் சரிதான். 192-இல் முடிக்க வேண்டும் என்றால் மாதம் 26,700 கட்ட வேண்டும். கிளைக்குப் போகும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்:

```
=PMT(8.25%/12, 192, -2841000)
```